ரீஃபண்டைக் காட்டுவதா, வேலையைக் காட்டுவதா? வரிக் கணக்குத் தாக்கலை விளம்பரப்படுத்த மூன்று வழிகள்

வரிக் கணக்குத் தாக்கல் செய்து தரும் ஒரு சின்ன அலுவலகத்துக்கு இணையப் பக்கம் எழுத உட்கார்ந்தால், முதல் திரையில் எதை வைப்பது என்பதிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். படம் எடுத்துப் போட ஒரு பொருள் கிடையாது. கால்குலேட்டர், கோப்பு, கணினியைப் பார்த்துச் சிரிக்கும் ஒருவர் என்று வாங்கிய படங்களைப் போடலாம், ஆனால் அதே படத்தைத்தான் கடன் கொடுக்கிறவரும் காப்பீட்டு ஏஜெண்டும் போட்டிருப்பார்கள். அதை விட்டால் மிச்சம் மூன்று வழி. கிடைத்த பலனைக் காட்டலாம்: "இவருக்கு இவ்வளவு ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தோம்". வேலையின் படிகளைக் காட்டலாம்: "ஐந்தே படிகளில் தாக்கல்". இல்லையென்றால் ஒரே ஒரு ஆளின் கணக்கை எடுத்துக்கொண்டு, முதல் தாளிலிருந்து ஒப்புகைச் சீட்டு வரை என்ன நடந்தது என்று தாள்களோடு காட்டலாம்.

இந்த மாதிரிப் பக்கங்களை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை, மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றாவதுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது, மற்ற இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

பலனைக் காட்டுவது

பெரிய எழுத்தில் ஒரு ரீஃபண்ட் தொகை. பார்த்த உடனே புரிகிறது, ஆசையும் வருகிறது. இதைத்தான் பெரும்பாலான அலுவலகங்கள் முதலில் கேட்கின்றன.

சிக்கல் என்னவென்றால், ரீஃபண்ட் என்பது பெரும்பாலும் ஆடிட்டர் சம்பாதித்துக் கொடுக்கும் பணம் இல்லை. வருடம் முழுக்கச் சம்பளத்திலும் வட்டியிலும் பிடித்த வரி, கட்ட வேண்டியதைவிட அதிகமாக இருந்தால் அந்த அதிகம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஒருவருக்குப் பெரிய தொகை திரும்பியது என்றால் பெரும்பாலும் அவரிடம் பிடித்தது அதிகம் என்று அர்த்தம். அவருடைய சொந்தப் பணம்தான் தாமதமாக அவரிடமே வருகிறது. தவறவிட்ட ஒரு வரிக் கழிவைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது உண்டு, அது நிஜமான திறமை. ஆனால் பக்கத்தில் போட்ட மொத்தத் தொகையில் அந்தத் திறமையால் வந்தது எவ்வளவு, எப்படியும் வந்திருக்கக்கூடியது எவ்வளவு என்று யாரும் பிரித்துப் போடுவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தொகை யாரை அழைத்து வருகிறது என்பது. ஒரு அலுவலகத்துக்காக இப்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். தாக்கல் காலம் தொடங்கியதும் தொலைபேசியில் வந்த முதல் கேள்வி கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றுதான்: "எனக்கு எவ்வளவு வாங்கித் தருவீங்க?" தாள்களைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் அவர் வேறு இடத்துக்குப் போவார், சொல்லிவிட்டால் அந்தத் தொகையை எட்டுவதற்காக ஆதாரம் இல்லாத கழிவுகளைச் சேர்க்கச் சொல்லி அழுத்தம் வரும். உட்கார்ந்து கணக்குப் போடுகிற பெண்தான் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருந்தது. சீசன் பாதியிலேயே அந்தத் தொகையைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

இதில் விதிகளும் குறுக்கே வரும். வரும் ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குவதையும், பலனுக்கு உத்தரவாதம் கொடுப்பது போல விளம்பரம் செய்வதையும் பல இடங்களில் தொழில் அமைப்புகள் கட்டுப்படுத்துகின்றன. சில அமைப்புகள் விளம்பரத்துக்கே மிகக் குறுகிய வாசலைத்தான் திறந்து வைத்திருக்கின்றன. ஒரு வரி எழுதும் முன் அந்த ஆடிட்டர் உறுப்பினராக இருக்கும் அமைப்பின் விதியைப் படித்துவிடுவது நல்லது.

சரி, ரீஃபண்ட் வேண்டாம், வேறு பலனைக் காட்டலாமே என்று தோன்றும். ஆனால் நன்றாகச் செய்த வரித் தாக்கலின் உண்மையான பலன் என்ன? எதுவும் நடக்காமல் இருப்பது. கடிதம் வராது, அபராதம் வராது, யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். நடக்காத ஒன்றைப் படம் எடுக்க முடியாது. தவிர, அது நடக்காது என்று உறுதியாகச் சொல்லவே சில வருடங்கள் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் பழைய கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்க வரித்துறைக்கு அவகாசம் உண்டு.

பொருளாதார ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வகைப்பாடே வைத்திருக்கிறார்கள். 1970-ல் பிலிப் நெல்சன் இரண்டு குணங்களைப் பிரித்தார்: வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்று, பயன்படுத்திய பிறகுதான் தெரிவது இன்னொன்று. 1973-ல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவதைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் சாதாரண ஆளால் தரத்தைச் சரிபார்க்க முடியாது, நம்பித்தான் ஆக வேண்டும். வரித் தாக்கல் இந்த மூன்றாவது கூட்டத்தில்தான் உட்காருகிறது. கணக்கு முடிந்து ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கும்போதுகூட, நன்றாகச் செய்தார்களா, ஏதோ செய்து அனுப்பிவிட்டார்களா என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் வரும் சீட்டு ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் பலனை மட்டும் காட்டும் பக்கம் இந்தத் தொழிலில் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

படிகளைக் காட்டுவது

அடுத்த வழி ஐந்து வட்டம், ஐந்து ஐகான். ஆவணங்களை அனுப்புங்கள், நாங்கள் தயாரிக்கிறோம், நீங்கள் சரிபாருங்கள், நாங்கள் தாக்கல் செய்கிறோம், நிம்மதியாக இருங்கள்.

வேலையைக் காட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2011-ல் ரயன் புயெல், மைக்கேல் நார்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பயணத் தேடல் தளங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எந்தெந்த விமான நிறுவனத்தில் தேடிக்கொண்டிருக்கிறது என்று திரையில் காட்டினால், கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தும் மக்கள் அந்தச் சேவையை அதிகமாக மதித்தார்கள். தனக்காக ஒருவர் மெனக்கெடுகிறார் என்று கண்ணால் பார்த்தால் மதிப்பு கூடுகிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடைசியில் கிடைத்தது மோசமாக இருந்தால், காட்டிய உழைப்பு உதவவில்லை, அதிருப்தியைக் கூட்டியது. "இவ்வளவு செய்தும் இதுதானா?" என்ற எண்ணம். வரியில் பலருக்குக் கடைசியில் கிடைப்பது "இன்னும் கட்டுங்கள்" என்ற செய்திதான், அதனால் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து ஐகானின் குறை வேறு. அதில் உழைப்பும் தெரியாது, யோசனையும் தெரியாது. ஒரு எளிய சோதனை: அலுவலகத்தின் பெயரை விரலால் மறைத்துவிட்டு அந்தப் படிகளைப் படியுங்கள். அது பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறவருக்கும் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருகிறவருக்கும் அப்படியே பொருந்தினால், வரியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்று அர்த்தம். "நாங்கள் தயாரிக்கிறோம்" என்ற அந்த இரண்டாவது வட்டத்துக்குள்தான் மொத்த வேலையும் இருக்கிறது, அதைத்தான் மூடி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறேன் என்று பதினான்கு படிகளை வரிசையாகப் போட்டுவிடுவார்கள். படிக்கிறவருக்கு அது அலுவலகத்தின் வேலையாகத் தெரியாது, தன் தலையில் விழப்போகும் வேலையாகத் தெரியும். லின் ஷோஸ்டாக் 1980-களில் சேவைகளுக்கு வரைபடம் போடும் முறையைச் சொன்னபோது, நடுவில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே இருப்பது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும், கீழே இருப்பது தெரியாது. வரி அலுவலகத்தின் பக்கம் எழுதும்போது அந்தக் கோட்டை நான் தாளில் வரைந்துகொள்வேன். வாடிக்கையாளர் தானே செய்ய வேண்டியது பொதுவாக மூன்றுதான்: தாள்களை அனுப்புவது, வரைவைப் படித்துச் சரி சொல்வது, பாக்கி இருந்தால் கட்டுவது. கோட்டுக்குக் கீழே இருப்பதில் இரண்டை மட்டும் மேலே கொண்டுவந்தால் போதும்: தாள்களை வரித்துறைப் பதிவோடு ஒப்பிடுவது, தயாரித்தவர் அல்லாத இன்னொருவர் சரிபார்ப்பது. மிச்சத்தை உள்ளேயே விட்டுவிடலாம்.

ஒரே ஒரு கணக்கை முழுதாகக் காட்டுவது

இப்போது மூன்றாவது வழி. ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க வரி விகிதத்தையும் கற்பனையாகவே வைத்துக்கொள்கிறேன்: வருடத்துக்கு முதல் 3,00,000 வரை வரி இல்லை, அதற்கு மேல் 10 சதவீதம்.

அவர் வருட நடுவில் வேலை மாறினார். முதல் வேலையில் 4,00,000 வாங்கினார். அந்த நிறுவனத்துக்குத் தான் கொடுத்தது மட்டும்தான் தெரியும், அதனால் 3,00,000 கழித்து மீதி 1,00,000-க்கு 10,000 வரி பிடித்தது. புது வேலையில் 5,00,000. பழைய சம்பளத்தைப் பற்றி அவர் அங்கே சொல்லவில்லை, அவர்களும் 3,00,000 கழித்து மீதி 2,00,000-க்கு 20,000 பிடித்தார்கள். இரண்டு இடத்திலும் வரி பிடித்திருக்கிறது, இரண்டு சான்றிதழும் கையில் இருக்கிறது, அவர் மனதில் எல்லாம் முடிந்துவிட்டது. "கொஞ்சம் ரீஃபண்ட் கூட வரும்னு நினைக்கிறேன் சார்" என்றுதான் உள்ளே வருகிறார்.

பக்கத்தில் முதலில் வைக்க வேண்டியது அவர் கொண்டுவந்த இரண்டு தாள். அடுத்து, டேலி பார்க்கும் தாள். நிறுவனங்களும் வங்கிகளும் ஒருவரைப் பற்றித் தாங்கள் அனுப்பிய விவரங்களைப் பல நாடுகளில் வரித்துறை அவரே பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இப்படி இருக்கும்:

| வரவு | அவர் தாளில் | வரித்துறைப் பதிவில் | வித்தியாசம் |
|---|---|---|---|
| முதல் வேலை | 4,00,000 | 4,00,000 | 0 |
| இரண்டாம் வேலை | 5,00,000 | 5,00,000 | 0 |
| வங்கி வட்டி | தாள் இல்லை | 20,000 | 20,000 |

மூன்றாவது வரிதான் இந்தப் பக்கத்தின் உயிர். அவர் மறந்தே போன ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் ஏறிய வட்டி. அவருக்கு நினைவில்லை, வரித்துறைக்கு நினைவிருக்கிறது. இதைப் படிக்கிறவர் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, தன்னிடமும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று யோசிப்பார்.

பிறகு கணக்கு. மொத்த வரவு 9,20,000. விலக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், அதனால் 3,00,000 போக 6,20,000. அதற்கு வரி 62,000. இரண்டு நிறுவனமும் சேர்ந்து பிடித்தது 30,000. பாக்கி 32,000. ஒரே விலக்கை இரண்டு நிறுவனமும் தனித்தனியாகக் கொடுத்ததால் வந்தது அதில் 30,000, மறந்த வட்டிக்கு 2,000. இந்த இரண்டு காரணத்தையும் இப்படிப் பிரித்து எழுதிய அந்த இரண்டு வரியை அப்படியே பக்கத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர் நிஜத்தில் காசு கொடுத்து வாங்குவது இந்த விளக்கத்தைத்தான்.

அடுத்து வரைவு அவரிடம் போகிறது, அவர் வட்டிக் கணக்கைப் பார்த்துவிட்டு "ஆமா, அது என்னோடதுதான்" என்று பதில் போடுகிறார், இரண்டாவது ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார், வாடிக்கையாளர் பாக்கியைக் கட்டுகிறார், தாக்கல், ஒப்புகைச் சீட்டு. இந்தப் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம்.

இதை முதன்முதலில் ஒரு ஆடிட்டரிடம் காட்டியபோது அவர் தயங்கினார். "வரி கட்ட வெச்சோம்னு விளம்பரம் பண்ணச் சொல்றீங்களா?" நியாயமான கேள்வி. ஆனால் புயெல், நார்ட்டன் ஆய்வில் பார்த்த அந்தக் கோபத்துக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. பாக்கி வரக்கூடும், ஏன் வரும் என்று வாசலிலேயே பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர், தனக்கும் அதே வந்தால் ஆடிட்டர்மேல் பாய மாட்டார். ரீஃபண்ட் தொகையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு 32,000 பாக்கி என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு எங்கே போகும் என்று தெரியும். பக்கத்தில் காட்டும் பலனை அலுவலகத்தின் கையில் இருக்கும் பலனாக மாற்றிக்கொள்ளலாம்: விட்டுப்போன வரவு தாக்கலுக்கு முன்பே பிடிபட்டது, வித்தியாசம் இல்லாமல் கணக்கு போனது, பாக்கிக்குக் காரணம் எழுத்தில் கையில் இருக்கிறது. இவை மூன்றையும் அந்த அலுவலகம் தைரியமாகச் சொல்லலாம், அடுத்த ஆளுக்கும் செய்து கொடுக்கலாம்.

எது யாருக்கு

இந்த மூன்றாவது வழிக்குப் படிக்கப் பொறுமை வேண்டும். ஒரே சம்பளம், ஒரே வங்கிக் கணக்கு, போன வருடமும் இங்கேதான் தாக்கல் செய்தார் என்றால் அவருக்கு இது தேவையில்லை. அவருக்கு வேண்டியது எந்தத் தாள், எப்போதைக்குள், எவ்வளவு கட்டணம். அங்கே சுருக்கமான படிகளே போதும், கட்டணத்தையும் பக்கத்திலேயே போட்டுவிடலாம். நோட்டீஸ் வந்து பயந்துபோய் இரவில் தேடுகிறவர் இன்னொரு வகை. அவருக்கு ஒரு மாதிரி நோட்டீஸில் பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதி எங்கே இருக்கும், என்ன கேட்டிருக்கிறார்கள் என்பது எந்த வரியில் இருக்கும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினால், அந்த ஒரு படம் போதும், அவர் கூப்பிடுவார்.

வேலை மாறியவர், வாடகை வரவு உள்ளவர், பங்கு விற்றவர், தனித்தொழில் செய்கிறவர் ஆகியோருக்குத்தான் முழுக் கணக்கு. இவர்களுக்கு ஆளுக்கொரு கதை எழுதத் தேவையில்லை. அலுவலகத்துக்கு யார் அதிகம் வருகிறார்களோ அந்த ஒரு வகையை மட்டும் எடுத்து நன்றாகச் செய்யலாம்.

வாடிக்கையாளர் கருத்துகளைப் பற்றியும் கேட்பார்கள். "மிக நல்ல சேவை, ஐந்து நட்சத்திரம்" என்பதில் ஒன்றும் இல்லை, அவராலேயே தரத்தைச் சரிபார்க்க முடியாது என்று மேலே பார்த்தோம். "நான் மறந்த வங்கிக் கணக்கைக் கண்டுபிடித்துக் கேட்டார்கள்" என்று ஒருவர் எழுதினால் அது வேறு. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

மாதிரித் தாள்களை நிஜ வாடிக்கையாளர் தாளிலிருந்து எடுத்துப் பெயரை மங்கலாக்கிப் போடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மங்கலாக்கிய எண்களைச் சில சமயம் மீட்டுவிட முடியும், பெயர் மறைந்தாலும் தொகைகளையும் நிறுவனத்தையும் வைத்து ஆளைத் தெரிந்தவர் கண்டுகொள்வார். வரி விவரத்தை நம்பிக் கொடுத்தவரின் தாளை வாசலில் ஒட்டியிருக்கும் அலுவலகத்திடம் அடுத்தவர் தன் தாளைக் கொடுப்பாரா? முழுக்கக் கற்பனைப் பெயர், கற்பனை எண்களோடு புதிதாக ஒரு தாள் தயாரித்து, மேலே "மாதிரி" என்று தெளிவாக எழுதிவிடுவதுதான் வழி.

இன்னொன்று நாள் கணக்கு. "இரண்டு நாளில் வரைவு" என்று படியில் எழுதினால், எந்த நாளிலிருந்து என்றும் எழுத வேண்டும். வாடிக்கையாளர் முதல் தாளை அனுப்பிய நாளிலிருந்து எண்ணுவார், அலுவலகம் கடைசித் தாள் வந்த நாளிலிருந்து எண்ணும். நான் பார்த்த மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறந்தவைதான். "கடைசித் தாள் எங்களுக்கு வந்த பிறகு இரண்டு வேலை நாள், விட்டுப்போனது எது என்று முதல் நாளே சொல்லிவிடுவோம்" என்று எழுதினால் அந்தச் சண்டையே வராது.

பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொலைபேசி எடுப்பவரிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வியை அப்படியே எழுதச் சொல்வேன். "எவ்வளவு வரும்?" என்பது குறைந்து "நானும் வேலை மாறினேன், ரெண்டு சர்டிஃபிகேட்டும் அனுப்பணுமா?" என்பது கூடினால் பக்கம் தன் வேலையைச் செய்கிறது. அதோடு, முதல் தடவையிலேயே எல்லாத் தாளையும் சேர்த்து அனுப்புகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பேன். டேலி தாளைப் பார்த்துவிட்டு வந்தவர் வங்கி வட்டி விவரத்தைக் கேட்காமலே அனுப்பியிருப்பார். அப்படி ஒரு உறை வந்தால் உள்ளே கணக்குப் போடுகிறவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மிச்சம், சீசனின் கடைசி வாரத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

ஒவ்வொரு வருடமும் விகிதமோ விலக்கு வரம்போ மாறியதும் மாதிரிக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். மேலே நான் வைத்தது போலக் கற்பனை விகிதத்தைப் பக்கத்தில் வைக்கக் கூடாது, அந்த வருடத்தின் நிஜ விகிதத்தில் போட்டு எந்த வருடக் கணக்கு என்று தாளின் தலையிலேயே எழுத வேண்டும். தாக்கல் காலம் தொடங்குவதற்கு முன்பே இதை முடித்து, அலுவலகத்தில் சரிபார்க்கும் அந்த இரண்டாவது ஆளிடமே கொடுத்து ஒரு தடவை கூட்டிப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.